இரவு ஒன்று, காலை ஒன்று: சுகர் சார்ட்டை ஜோடி ஜோடியாகப் படிப்பது

கேள்வி: சுகர் அளவை தினமும் நோட்டில் எழுதி வருகிறேன். காலையில் பெரும்பாலும் அதிகமாக இருக்கிறது. மாலையில் ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது. இதில் இருந்து காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மீட்டர் காட்டும் எண் அந்த நொடியின் அளவுதான். ஆனால் அதற்கான காரணம் முந்தைய சில மணி நேரத்தில் இருக்கிறது. காலை எண்ணை மட்டும் மாதக்கணக்கில் எழுதினாலும் காரணம் பிடிபடாது. முந்தைய இரவு படுக்கும்போது எவ்வளவு இருந்தது என்பதும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எனக்கு டைப் 2, மாத்திரை சாப்பிடுகிறேன். என் சார்ட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரிசை. கட்டங்களுக்குக் கடிகார நேரத்தை வைக்காமல் சாப்பாட்டை வைத்துப் பெயர் கொடுத்திருக்கிறேன்: இரவு உணவுக்கு முன், இரவு உணவு தொடங்கி 2 மணி நேரம் கழித்து, படுக்கும் முன், மறுநாள் வெறும் வயிறு, கடைசியில் குறிப்புக்கு ஓர் அகலமான கட்டம். மறுநாள் காலை எண்ணை முந்தைய இரவின் வரிசையிலேயே எழுதுவதுதான் இதில் முக்கியம். அப்போது காலை எண்ணில் இருந்து இரவு எண்ணைக் கழிக்கும் கணக்கு கண்ணுக்கு நேராக நிற்கும். எல்லாக் கட்டத்தையும் தினமும் நிரப்பினால் ஸ்ட்ரிப்பும் தீரும், விரலும் நோகும். சில நாள் இரவு–காலை ஜோடி, அடுத்த சில நாள் இரவு உணவுக்கு முன்–பின் ஜோடி என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் போதும். (டாக்டர் வேறு அட்டவணை சொல்லியிருந்தால் அதுதான் முதலில்.)

ஓர் உதாரணம். படுக்கும் முன் 178, காலையில் 172. அடுத்த நாள் 165, 169. அதற்கடுத்த நாள் 190, 184. மூன்று காலையும் அதிகம்தான், ஆனால் இரவில் எதுவும் ஏறவில்லை. ஏறியது இரவுச் சாப்பாட்டோடு, அல்லது அதற்கும் முன்னால். இங்கே பார்க்க வேண்டியது இரவு உணவின் அளவையும் நேரத்தையும்.

இன்னொருவரின் சார்ட்டில் படுக்கும் முன் 118, காலையில் 159; அடுத்த நாள் 124, 166; அதற்கடுத்த நாள் 112, 151 என்று இருக்கிறது. படுக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, விடிவதற்குள் 40 போல ஏறிவிடுகிறது. விடியற்காலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடும்போது கல்லீரல் சேமித்த குளுக்கோஸை ரத்தத்தில் விடும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இன்சுலின் அதைச் சமாளித்துவிடும், நமக்கு அது போதாமல் போகிறது. இதை ‘டான் ஃபினாமினன்’ என்பார்கள். இப்படி இருப்பவர் காலை எண்ணைப் பார்த்து பயந்து இரவில் பட்டினி கிடந்தால் பெரிய பலன் இருக்காது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் தூக்கத்தில் லோ சுகர் ஆகும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். மருந்தின் அளவையும் நேரத்தையும் பற்றி டாக்டரிடம் பேச வேண்டிய சார்ட் இது.

‘படுக்கும் முன்’ எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. பத்து மணிக்குச் சாப்பிட்டு பதினொன்றுக்குப் பார்த்தால் சாப்பாடு இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும், கழித்தல் கணக்கு பொய்யாகிவிடும். இரவு உணவுக்கும் அந்தச் சோதனைக்கும் குறைந்தது 3 மணி நேர இடைவெளி இருக்கட்டும். எண்ணெய் அதிகமான சாப்பாடு அதற்குப் பிறகும் மெல்ல ஏற்றும். அப்படிச் சாப்பிட்ட நாளைக் குறிப்பில் எழுதிவிட்டு கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

இரவில் ஏறுவது உறுதியானால், இரண்டு மூன்று இரவு அலாரம் வைத்து 3 மணிக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. படுக்கும்போது 120, மூன்று மணிக்கும் 120, காலையில் 160 என்றால் அது விடியற்காலை ஏற்றம். மூன்று மணிக்கே 150 தாண்டியிருந்தால் இரவு முழுக்க ஏறுகிறது என்று அர்த்தம்: இரவுச் சாப்பாடு மெதுவாகச் செரிக்கிறது, அல்லது மருந்தின் பலம் பாதி இரவில் குறைகிறது. மூன்று மணிக்கு 70-க்குக் கீழே இருந்தால் கதையே வேறு. உடனே 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மறுநாளே டாக்டருக்குச் சொல்லுங்கள். வியர்த்து நனைந்து எழுவது, கெட்ட கனவு, காலைத் தலைவலி ஆகியவை இதற்கான அடையாளம். இந்தச் சோதனை செய்யாமல் காலை எண்ணை மட்டும் பார்த்து இரவு மருந்தைக் கூட்டுவது ஆபத்து.

மாலை எண் தாறுமாறாக இருப்பதற்குப் பெரும்பாலும் நேரம்தான் காரணம். ஒரு நாள் சாப்பிட்டு ஐந்து மணி நேரம் கழித்தும், இன்னொரு நாள் ஏதோ கொறித்த ஒரு மணி நேரத்திலும் பார்த்துவிட்டு இரண்டையும் ‘மாலை’ என்று எழுதினால் ஒப்பிடவே முடியாது. கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆனது என்று எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதுங்கள். என் சார்ட்டில் இரவு உணவுக்கு முந்தைய எண் சில நாள் 130 பக்கத்திலும் சில நாள் 190 பக்கத்திலும் இருந்தது. குறிப்பைச் சேர்த்துப் படித்தபோது 190 வந்த நாள் எல்லாம் சாயங்காலம் கொறித்த நாள். மாத்திரைமேல் வைத்திருந்த சந்தேகம் அப்போதே போனது.

குறிப்பில் மறக்கக் கூடாத இன்னொன்று புது மருந்து. மூச்சிரைப்புக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் எடுப்பவருக்கு வெறும் வயிற்று எண் ஏறக்குறைய சாதாரணமாக இருக்கும், மதியத்துக்கு மேல் எகிறும். காலையில் மட்டும் சோதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

அப்புறம், சின்ன வித்தியாசத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள். 2013-இன் ஐ.எஸ்.ஓ. தரப்படி 100-க்கு மேற்பட்ட அளவில் மீட்டர் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம். அதாவது 150 என்று திரையில் வந்தால் உண்மை 130 ஆகவும் இருக்கலாம், 170 ஆகவும் இருக்கலாம். இன்று 8 கூடியது, நாளை 10 குறைந்தது என்பதில் ஒன்றும் இல்லை. ஒரே பக்கமாக, ஒரே ஜோடியில், மூன்று நாளாவது திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். எதிலும் சேராமல் தனியாக 260 என்று ஒன்று வந்தால் கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பழம் நறுக்கிய விரலே போதும் அந்த எண்ணைக் கொண்டுவர. மறுபடியும் அதே மாதிரி வந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது முழு நோட்டையும் நீட்டினால் அவருக்குப் புரட்ட நேரம் இருக்காது. இரவு–காலை ஜோடிகள் உள்ள பக்கத்தை மட்டும் திறந்து, ஏறிய இரவுகளை வட்டமிட்டுக் காட்டுங்கள். மருந்து சாப்பிட்ட நேரமும் அதே வரிசையில் இருந்தால் அவர் முதலில் கேட்கும் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.