பேச்சு தெளிவாகக் கேட்க சவுண்ட்பாரை எங்கே வைப்பது?

டிவிக்கு அடியில் ஸ்டாண்டில் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறேன். முன்னால் 20 செ.மீ. பலகை காலி. சண்டைக் காட்சி அதிர்கிறது, பேச்சு மட்டும் முணுமுணுப்பு. பார் 55 செ.மீ. உயரத்தில், காது 95-ல்.

எனக்கு அந்தக் காலிப் பலகை மேல்தான் சந்தேகம். பாரிலிருந்து நேராக வரும் ஒலியோடு, பலகையில் பட்டு எகிறுவதும் துளி நேரம் பிந்தி வந்து கலக்கிறது. சில அலைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். ச, ட, ப போன்ற எழுத்துகளின் கூர்மைதான் முதலில் மழுங்கும்.

செய்தி ஓடும்போது தடித்த துண்டு ஒன்றை நான்காக மடித்து அங்கே விரியுங்கள். பேச்சு தெளிந்தால் பலகைதான் காரணம். பாரை ஸ்டாண்டின் முன்விளிம்பு வரை இழுத்து வையுங்கள்.

அப்புறம் சாய்வு. 2.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், 40 செ.மீ. உயர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 9 பாகை வரும். பாரின் அகலம் முன்பின்னாக 10 செ.மீ. என்றால் முன்பக்கத்தை ஒன்றரை செ.மீ. தூக்கினால் போதும். இரண்டு ரப்பர் கட்டைகள் வைத்தால் வழுக்காது.

உயரே மாட்டினால் ஒலி எல்லாருக்கும் பரவும் அல்லவா? டிவிக்கு மேலே 2 மீட்டரில் மாட்டப் போகிறேன்.

கனத்த ஒலிக்கு அது சரி, எங்கிருந்தாலும் பரவிவிடும். பேச்சைத் தெளிவாக்கும் கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி, பார்த்த திசையில்தான் போகும். நீங்கள் சொல்லும் 2 மீட்டர் உயரத்தில் அது தலைக்கு மேலே போய்விடும், நடிகர் கூரையிலிருந்து பேசுவது போலவும் இருக்கும். டிவிக்குக் கீழே இடமே இல்லையென்றால், 20 பாகையாவது கீழ்நோக்கிச் சாயும் பிராக்கெட் வாங்குங்கள். பாரைத் தலைகீழாக மாட்டாதீர்கள், இடதும் வலதும் மாறிவிடும்.

பேச்சு கேட்கவில்லை என்று சப்வூஃபரைக் கூட்டினேன். சரிதானே?

நேர் எதிர். குறையுங்கள்.

என் பாரின் மேல்புறத்திலும் ஸ்பீக்கர் இருக்கிறது. சாய்த்தால் கெடுமா?

கூரையில் படும் இடம் மாறும். முன்பக்கத்தைத் தூக்கினால் மேல் ஒலி பின்னோக்கிச் சாய்ந்து டிவியிலேயே மோதலாம். உங்களுக்குச் சாய்வு வேண்டாம், முன்னால் இழுப்பதோடு நிறுத்துங்கள். பேச்சுக்காக, மேலிருந்து ஒலி வருவது போன்ற அந்த விளைவையே விட்டுவிடலாமா என்பது அவரவர் விருப்பம், நான் விட்டுவிடுவேன்.

முதலில் கேட்டவன்தான். துண்டு போட்டதும் தெளிந்தது, முன்னால் இழுத்துச் சாய்த்தும்விட்டேன். ஆனால் சோபாவின் ஓரத்தில் உட்காரும் அப்பாவுக்கு இன்னும் சரியில்லை.

பாருக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் ஒரே பேச்சைக் கொடுத்தால், ஓரத்தில் இருப்பவருக்கு அவை முன்பின்னாக வந்து சேரும். உயரத்தை மாற்றி அதைத் தீர்க்க முடியாது. நடு ஸ்பீக்கரின் அளவைத் தனியாகக் கூட்டும் வசதி இருந்தால் இரண்டு படி கூட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அப்பாவை நடுவில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஓரத்துக்குப் போங்கள்.