12 நாள் பிள்ளையின் நகம்

"யாங்கூனில் இருக்கிறோம். 12 நாள் பிள்ளை கன்னத்தைக் கீறிக்கொள்கிறாள். மாமியார் பல்லால் கடித்து எடுக்கச் சொல்கிறார். என்ன செய்ய?"

கடிக்க மட்டும் வேண்டாம் தங்கச்சி, வாயிலுள்ள கிருமி விரலுக்குள் போய்விடும். இந்த வயதில் நகநுனி சதையோடு ஒட்டியிருக்கும். வெட்டினால் தோலும் சேர்ந்து வரலாம். மெல்லிய நக அரம் போதும். பால் குடித்து அயர்ந்து தூங்கும்போது, ஜன்னல் வெளிச்சத்தில், விரல்நுனிச் சதையைக் கீழே அழுத்திப் பிடித்து ஒரே திசையில் தேயுங்கள்.

என் மகனுக்கு ஒருநாள் மின்வெட்டில் டார்ச் பிடித்து வெட்டப்போய், கட்டைவிரலில் ரத்தம் வந்துவிட்டது. சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்தியதும் நின்றது. பிளாஸ்டர் ஒட்டாதீர்கள், கழன்று வாய்க்குள் போனால் மூச்சு அடைக்கும்.

அப்புறம், கையுறை போட்டால் உட்பக்கம் பிரிந்த நூல் இருக்கிறதா பாருங்கள். விரலில் சுற்றி இறுக்கிவிடும். நகத்தோரம் சிவந்து வீங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள்.