பழைய நகைக்கடைக்குப் புதிய முகம்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: "கும்பகோணத்தில் தாத்தா பெயரில் நாற்பது வருடமாக நகைக்கடை நடத்துகிறோம். அப்பாவை நம்பி வரும் பழைய குடும்பங்கள்தான் எங்கள் பலம். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பெரிய ஷோரூமுக்கும் ஆன்லைனுக்கும் போய்விடுகிறார்கள். கடைக்குப் புதுப் பெயர், புது லோகோ, புது இன்டீரியர் என்று ஒரு டிசைனர் திட்டம் தந்திருக்கிறார். 12 லட்சம் ஆகும். செய்யலாமா? பழையவர்கள் போய்விடுவார்களோ என்று அப்பா பயப்படுகிறார்."

பதில்: பெயரை மாற்றாதீர்கள். உங்கள் அப்பாவின் பயம் நியாயமானது. அந்தப் 12 லட்சத்தில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்தாலே இளையவர்களை உள்ளே கொண்டுவர முடியும்.

பழைய வாடிக்கையாளரின் பீரோவில் இருக்கும் நகைகளில் உங்கள் கடை முத்திரை இருக்கிறது. எப்போது கொண்டு போனாலும் இந்தக் கடை எடுத்துக்கொள்ளும் என்பதுதான் அவர்கள் அந்த முத்திரைக்குக் கொடுக்கும் அர்த்தம். போர்டில் வேறு பெயரைப் பார்த்ததும் அவர்கள் முதலில் கேட்கப்போவது, "கடையைக் கைமாத்திட்டீங்களா?" என்றுதான். அந்தச் சந்தேகம் தெருவில் பரவிவிட்டால் எந்த விளம்பரத்தாலும் அதை நிறுத்த முடியாது. தாத்தா பெயரையே சுருக்கி, தெளிவான தமிழ் எழுத்தில் புது போர்டு வையுங்கள். தொடங்கிய ஆண்டையும் அதில் போடுங்கள். லோகோ மாறலாம், பெட்டியும் பையும் மாறலாம். நகையில் குத்தும் முத்திரை மட்டும் அப்படியே இருக்கட்டும்.

சரி, இளையவர்கள் ஏன் வருவதில்லை? கடை பழையதாகத் தெரிவதால் மட்டும் இல்லை. விலை தெரியாததால்தான். ஒரு கம்மலைக் கையில் எடுத்தால் சீட்டில் எடை மட்டும் இருக்கும். சேதாரம் எவ்வளவு என்று கேட்டால், "பாத்துப் போட்டுத் தரேன்மா" என்று பதில் வரும். உங்கள் அப்பாவின் தலைமுறைக்கு இது உறவின் மொழி. 25 வயதுப் பெண்ணுக்கோ, பேரம் பேசத் தெரியாவிட்டால் ஏமாந்துவிடுவோம் என்ற எச்சரிக்கையாகக் கேட்கிறது.

இதற்கு ஒரே ஒரு கவுண்டரை ஒதுக்குங்கள். ஐந்து கிராமுக்கு உட்பட்ட, தினமும் வேலைக்குப் போட்டுப் போகும் நகைகள் மட்டும் அங்கே இருக்கட்டும். ஒவ்வொன்றின் சீட்டிலும் எடை, தரம், கூலி மூன்றும் இருக்க வேண்டும். சேதாரத்தைச் சதவீதமாகப் போடாமல், உருப்படிக்கு இவ்வளவு என்று ரூபாயில் ஒரே தொகையாகப் போடுங்கள். அந்தக் கவுண்டரில் பேரம் கிடையாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். எளிமைக்காக 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3 கிராம் டாலர் செயினுக்குத் தங்கம் 30,000. சேதாரம் 14 சதவீதம் என்றால் 4,200. 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 35,226 ரூபாய். அதே எடையை 18 கேரட்டில் செய்தால் கிராம் சுமார் 8,190. தங்கம் 24,570, கூலி 3,500, ஜிஎஸ்டியோடு ஏறக்குறைய 28,900. ஆறாயிரத்துச் சொச்சம் குறைகிறது. முதல் சம்பளத்தில் நகை வாங்க நினைக்கும் பெண்ணுக்கு இது பெரிய வித்தியாசம். 18 கேரட் கொஞ்சம் உறுதியானது என்பதால், மெல்லிய வேலைப்பாடும் கல் பதிப்பும் அதில் நன்றாக நிற்கும்.

ஆனால் ஆபத்தும் இங்கேதான். பேத்தி வாங்கிய 18 கேரட் செயினைப் பாட்டி 916 என்றே நினைத்துக்கொள்வார். சில வருடம் கழித்து மாற்ற வரும்போது குறைந்த மதிப்பைக் கேட்டு, இந்தக் கடையே ஏமாற்றிவிட்டது என்று சொல்லிவிடுவார். அதனால் 18 கேரட்டை வேறு நிறத் தட்டில் வையுங்கள். பில்லில் "18 கேரட் 750, மாற்றும்போது 18 கேரட் விலையே கணக்கு" என்று தமிழில் பெரிதாக அச்சடியுங்கள். நகையில் இருக்கும் ஆறு எழுத்து ஹெச்யூஐடி எண்ணை BIS Care செயலியில் போட்டுக் காட்டுங்கள். இளையவர்களுக்கு இது பிடிக்கும். பெரியவர்களும் ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதியாகிவிடுவார்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால், சின்ன மூக்குத்தியில் எண் இல்லாவிட்டால் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு தலைமுறையையும் ஒரே நாளில் உங்கள் கடைக்குள் உட்காரவைக்கும் வேலை ஒன்று உண்டு. அதுதான் பழைய நகையைப் புதிதாக்கித் தருவது. எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. பெரிய ஷோரூம்கள் பெரும்பாலும் பழையதை எடுத்துக்கொண்டு புதியதை விற்கத்தான் விரும்பும். பாட்டியின் அட்டிகையில் இருந்த கெம்புக் கல்லை எடுத்து, அதே கல்லைப் பேத்தியின் ஜிமிக்கியில் பதித்துத் தரும் பொறுமை, சொந்தப் பத்தர் இருக்கும் உங்களைப் போன்ற கடைக்குத்தான் உண்டு.

ஆனால் சண்டை அதிகம் வருவதும் இதில்தான். அட்டிகை ஐந்து பவுன், அதாவது 40 கிராம் என்று பாட்டி சொல்லுவார். கல்லையும் உள்ளே நிரப்பிய அரக்கையும் எடுத்தால் 31 கிராம் நிற்கலாம். உருக்கினால் 30.6. பழைய நகையில் பற்றவைப்புப் பொடி அதிகம் இருக்கும் என்பதால் தரம் 88 சதவீதம் காட்டலாம். அப்படியானால் சுத்தத் தங்கம் ஏறக்குறைய 26.9 கிராம். 22 கேரட்டாகக் கணக்கிட்டால் 29.4 கிராம், அதாவது நான்கு பவுனுக்கும் குறைவு. யாரும் எதையும் எடுக்கவில்லை, ஆனாலும் பத்து கிராம் காணாமல் போனதுபோல் தோன்றும்.

அதனால் பிரிக்கும் முன்பே இந்தக் கணக்கைத் தோராயமாக எழுதிக் காட்டுங்கள். கேரட் மீட்டர் மேல்பரப்பைத்தான் படிக்கும். அதனால் பற்றவைத்த இடம், பற்றவைக்காத இடம் என இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். உருக்கினால் தரம் மாறலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். சம்மதித்த பிறகு, அவர்கள் கண்முன்னே கல்லைப் பிரித்து, எண்ணி, தனிப் பொட்டலத்தில் போட்டு எடையைக் குறியுங்கள். ஒவ்வொரு கட்ட எடையும் ஒரே தாளில் இருக்கட்டும், நகலைக் கையில் கொடுங்கள். வேண்டாம் என்று அவர் மனம் மாறினால், முகம் சுளிக்காமல் அட்டிகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். புதிதாகச் செய்த நகையை விற்பனை நகைபோலவே ஹால்மார்க்குக்கு அனுப்பிக் கொடுங்கள்.

இன்டீரியரில் வெளிச்சத்தையும் கண்ணாடியையும் மட்டும் மாற்றினால் போதும். அப்பா உட்காரும் இடம், பெரியவர்கள் சாய்ந்து உட்காரும் நாற்காலி, திருகாணி மாட்டிக் கொடுக்கும் மேசை எதையும் நகர்த்தாதீர்கள். தாலி கோர்க்க வருபவரை நிற்கவைத்து அலங்காரம் செய்தால் அந்த அலங்காரம் வீண்.

இன்ஸ்டாகிராமில் படம் போடும்போது எடை, தரம், அன்றைய விலை, தேதி நான்கையும் சேர்த்துப் போடுங்கள். விலை இல்லாத படத்துக்கு "விலை என்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பாட்டி நகையைப் புதிதாக்கிய வேலைகளை, வீட்டாரின் அனுமதியோடு, முன்னும் பின்னுமாகக் காட்டுங்கள்.

வேலையை ஆடியில் தொடங்குங்கள், ஆவணி முகூர்த்தத்துக்குள் கடை தயாராகிவிட வேண்டும். தை மாதம் முடிந்ததும் இரண்டு விஷயத்தை நோட்டில் எடுத்துப் பாருங்கள். புதுக் கவுண்டரில் வாங்கியவர்களில் எத்தனை பேர் இதற்கு முன் உங்கள் பில் புத்தகத்தில் இல்லாதவர்கள்? வழக்கமாகக் கல்யாணத்துக்கு வரும் குடும்பங்களில் எத்தனை வரவில்லை? வராதவர்களுக்கு அப்பாவையே போன் செய்யச் சொல்லுங்கள். விலை ஒரு காரணமாக இருந்தால் விட்டுவிடலாம். கடை மாறிவிட்டது என்று யாராவது சொன்னால், மீதிச் செலவை நிறுத்திவிட்டு அவர் எதைப் பார்த்து அப்படி நினைத்தார் என்று கேட்டு, அதை முதலில் சரிசெய்யுங்கள்.