பிரெஞ்சு விவாதத்தில் மாற்றுக் கருத்தைப் பணிவோடு சொல்வது எப்படி?

அன்புள்ள மாணவிக்கு,

பிரெஞ்சு வழியில் நடக்கும் பட்டப்படிப்புக்காக, பிரெஞ்சு மொழித் திறனைச் சோதிக்கும் டெல்ஃப் பி2 தேர்வுக்குத் தயாராவதாகவும், எழுத்துத் தாள்களில் நல்ல மதிப்பெண் வந்தாலும் வகுப்பு விவாதத்தில் ஆசிரியர் மறுத்துப் பேசியதும் வாயடைத்துப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்தத் தடுமாற்றம் பேச்சுத் தேர்வின் விவாதப் பகுதியையே பாதிக்கும் என்பதால் அதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பி2 பேச்சுத் தேர்வில் 30 நிமிடம் தயாரிப்புக்கு உண்டு. ஒரு சிறு பத்திரிகைக் குறிப்பைப் படித்து, அதிலுள்ள சிக்கலை எடுத்துக்காட்டி, உங்கள் நிலைப்பாட்டை ஐந்து முதல் ஏழு நிமிடம் நிறுவ வேண்டும். அதன்பின் பத்து நிமிடத்துக்கும் மேலாகத் தேர்வாளரோடு விவாதம் நடக்கும். அந்த நேரத்தில் அவர் உங்கள் கருத்தை எதிர்ப்பது உங்கள்மேல் உள்ள அதிருப்தியால் அன்று. உங்கள் நிலையைத் தற்காக்கவும் விளக்கவும் உங்களுக்கு வாய்ப்புத் தருவதே அவர் பணி. ஆசிரியர் சொன்னதை மறுக்காமல் இருப்பதே மரியாதை என்று நம் வகுப்பறைகளில் பழகியவர்கள் உடனே "வூஸாவே ரேஸோன்" (நீங்கள் சொல்வது சரி) என்று ஒப்புக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். பிரெஞ்சுத் தேர்வாளருக்கு அது பணிவாகத் தெரியாது. சொல்ல வாதம் இல்லை என்றே படும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பிரான்சில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கப்பள்ளியிலும் கொலேஜ் எனப்படும் நடுநிலைப் பள்ளியிலும் மாணவர்கள் கைபேசி பயன்படுத்துவதைத் தடை செய்தது. கற்பித்தலுக்கான பயன்பாடு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நீங்கள் தடையை ஆதரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "அவசரம் என்றால் பெற்றோர் பிள்ளையை எப்படித் தொடர்புகொள்வார்கள்?" என்று தேர்வாளர் கேட்கிறார். "நோன், செ ஃபோ" (இல்லை, அது தவறு) என்று தொடங்கினால் முரட்டுத்தனமாக ஒலிக்கும். மாறாக, அவர் சொன்னதில் உள்ள உண்மையை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள்: "ழெ கொம்ப்ரான் வோத்ர் புவான் த வ்யூ", அதாவது உங்கள் பார்வை எனக்குப் புரிகிறது, "ஸெர்த்", அதாவது உண்மைதான், பெற்றோரின் கவலை நியாயமானதுதான். பிறகு ஆனால் என்று பொருள்படும் "மே" என்றோ, மறுபுறம் என்று பொருள்படும் "ஆன் ரெவான்ஷ்" என்றோ திரும்புங்கள்: அவசரச் செய்தியைப் பள்ளி அலுவலகம் மாணவரிடம் சேர்க்க முடியும், அதற்காக எல்லா மாணவர் கையிலும் நாள் முழுக்கக் கைபேசி இருக்கத் தேவையில்லை. கடைசியில், ஆகவேதான் தடையை ஆதரிக்கிறேன் என்று உங்கள் நிலைக்கே திரும்பி வாருங்கள். இந்தத் திரும்புதலைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் போனால் ஒப்புக்கொண்ட பாதி மட்டும் காதில் நிற்கும்.

மறுப்பின் அளவைக் காட்டும் சொற்களில் தனிக் கவனம் வேண்டும். "ழெ நெ சுய் பா தூ-தா-ஃபே தக்கோர்" என்றால் முழுமையாக உடன்படவில்லை என்று பொருள். இதுவே பெரும்பாலான இடங்களில் உங்களுக்குப் பொருந்தும். "பா த்யூ தூ தக்கோர்" என்றால் சிறிதும் உடன்படவில்லை என்றாகிவிடும். அவசரத்தில் இரண்டும் குழம்புவது இயல்பு என்பதால், முதல் தொடரை வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகுங்கள்.

இலக்கணத்திலும் ஓர் இடம் கவனிக்கத்தக்கது. "ழெ பான்ஸ் கெ", அதாவது நான் நினைக்கிறேன் என்று உடன்பாடாகக் கருத்துச் சொல்லும்போது பின்வரும் வினை சாதாரண வடிவில் வரும். "ழெ நெ பான்ஸ் பா கெ" என்று எதிர்மறையாக்கினால் பெரும்பாலும் ஐயம், விருப்பம் போன்றவற்றைக் காட்டும் சப்ஜோங்க்டிஃப் என்ற வினை வடிவம் வர வேண்டும்: அது நியாயம் என்று பொருள்படும் "செ ழ்யூஸ்த்" என்றிருந்தது "ஸெ ஸுவா ழ்யூஸ்த்" என்று மாறும். இதில் பிசகிவிடுவோம் என்று அஞ்சினால், எதிர்மறையைப் பின்பகுதிக்கு நகர்த்தி, "ழெ த்ரூவ் கெ ஸெ நே பா ழ்யூஸ்த்", அதாவது அது நியாயமில்லை என்று கருதுகிறேன் என்று சொல்லலாம். சாதாரண வடிவமே போதும். ஆனாலும் பி2 நிலையில் ஓரிரு இடங்களில் சரியான சப்ஜோங்க்டிஃப் கேட்டால் தேர்வாளர் கவனிப்பார். ஆகவே "ஸுவா" வரும் இரண்டு வாக்கியங்களையாவது தயாராக வைத்திருங்கள்.

வகுப்புத் தோழர்களோடு பயிற்சி செய்யும்போது நீ என்று பொருள்படும் "த்யூ" என்றே அழைப்பீர்கள். தேர்வாளரை நீங்கள் என்று பொருள்படும் "வூ" என்றே அழைக்க வேண்டும். "ழெ சுய் தக்கோர் அவெக் த்வா", அதாவது உன்னோடு உடன்படுகிறேன் என்று பழகிய நாக்கு தேர்வறையிலும் அதையே சொல்லிவிடும். ஆகவே பயிற்சியில் ஒருவரைத் தேர்வாளராக உட்கார வைத்து, முழு விவாதத்தையும் "வூ" போட்டே நடத்துங்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் நீங்கள் உங்கள் நிலைக்குத் திரும்பி வந்தீர்களா என்று மட்டும் அவரைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.