மொட்டு என்ற அணில்

கேள்வி: 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு ஒரு படக்கதை எழுதுகிறேன். அதில் பேசும் அணிலுக்கு ‘மொட்டு’ என்று பெயர் வைத்தேன். தனியாகச் சொன்னால் அழகாக இருக்கிறது, ஆனால் கதையை வாய்விட்டுப் படித்தால் இடிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இடிப்பது வேற்றுமை உருபு சேரும் இடத்தில்தான். மொட்டு என்பது குற்றியலுகரத்தில் முடியும் சொல். ‘ஐ’ சேர்ந்ததும் கடைசி உகரம் போய்விடும். “காகம் மொட்டை அழைத்தது” என்று அம்மா படித்தால், குழந்தை மொட்டைத் தலையைத்தான் நினைக்கும். ‘மொட்டுவை’ என்று எழுதித் தப்பிக்கலாம், ஆனால் வாசிக்கிறவர் அங்கே ஒரு கணம் தயங்குவார். ‘செல்லம்’ போன்ற பெயரிலும் இதே தொல்லை உண்டு. செல்லத்தை, செல்லத்துக்கு என்று பெயரின் வால் மாறிவிடும்.

அதனால் பெயரைத் தனியாகச் சொல்லிப் பார்க்காமல், உருபுகளோடும் விளியோடும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பூவின் சாயல் வேண்டுமென்றால் ‘மல்லி’ என் தேர்வு. மல்லி, மல்லியை, மல்லிக்கு, மல்லியின்: எங்கும் பெயர் உடையவில்லை. கூப்பிடும்போது கடைசி இகரம் நீண்டு ‘மல்லீ!’ ஆகிறது. குழந்தைகள் கூடச் சேர்ந்து கத்துவது இந்த இடத்தில்தான். மொட்டில் அந்த உகரம் குறுகி ஒலிப்பதால், குரலை இழுக்க அவ்வளவு இடமில்லை.

அப்புறம் தாளம். மல்-லி, நேர் நேர், தேமா. இரண்டே அசை என்பதால் ஒரே மூச்சில் இரண்டு முறை சொல்லலாம். திரும்பத் திரும்ப வரும் வரியை அதன்மேல் கட்டுங்கள்:

மல்லி மல்லி, மரத்தில் யாரு?
கொல்லைக் கொய்யா கொறித்தது யாரு?

மல்லி, கொல்லை இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘ல்’. அந்த எதுகை இரண்டு வரிகளையும் பிணைக்கிறது. ஒவ்வொரு வரியிலும் நான்கு சீர், கைதட்டினால் நான்கு தட்டு. முதல் வரியில் மகரமும் இரண்டாவதில் ககரமும் மோனையாக ஓடுகின்றன. பெயரை முடிவு செய்யும் முன்பே இப்படி ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. எதுகைக்குச் சொல் கிடைக்காத பெயர் பத்துப் பக்கம் தாங்காது.

மொட்டை விட மனசில்லையென்றால் ‘மொட்டுக்குட்டி’ ஆக்குங்கள். உள்ளேயே எதுகை இருக்கிறது, ‘மொட்டுக்குட்டியை’ என்பதில் குழப்பமும் இல்லை. ஆனால் நீளம் அதிகம். ஒவ்வொரு உரையாடலுக்குப் பின்னும் வந்தால் அலுக்கும், பக்கத்துக்கு ஒரு முறை போதும்.

‘என்றது மல்லி’யா, ‘என்றாள் மல்லி’யா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். பேசுகிற அணில் என்பதால் நான் ‘என்றாள்’ பக்கம். எதுவானாலும் நடுவில் மாற வேண்டாம். பிறகு, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நாக்கு நிற்கும் வரிகளில் பெயரை இடம் மாற்றுங்கள்.