எத்தனை பேர் சாப்பிடலாம் என்று எழுதுங்கள்

கேள்வி: எங்கள் கல்யாண மண்டபத்தைப் பற்றி முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பதிவு போடுகிறோம். "1000 பேர் வசதி, விசாலமான பார்க்கிங், சமையல் வசதி உண்டு" என்று எழுதியும் நிறையப் பேர் விசாரிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எப்படி எழுதினால் புக்கிங் வரும்?

பதில்: பெண் வீட்டார் மண்டபம் பார்க்க வந்தால் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குத்தான் போவார்கள். "ஒரு பந்திக்கு எத்தனை இலை?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. உங்கள் பதிவில் அதற்குப் பதில் இல்லை.

உங்கள் கூடத்தில் ஒரே நேரத்தில் 200 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்வோம். இலை போட்டு, பரிமாறி, எடுத்து, மேசை துடைக்க ஒரு பந்திக்கு 40 நிமிடம் ஆகும். வரவேற்பன்று இரவு 7 மணிக்குத் தொடங்கினால் 9.40க்குள் நான்கு பந்தி முடியும். அதாவது 800 பேர். 1000 பேர் வந்தால் ஐந்தாவது பந்தி பத்தரை மணியைத் தொடும். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அப்படித்தான் நடந்தது. சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்தவர் காத்து நின்றார். பெரியவர்கள் சிலர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை. அதனால் "அரங்கில் 600 நாற்காலி, ஒரு பந்திக்கு 200 பேர், வரவேற்புக்கு 800 பேர் வரை சிரமமில்லை" என்று எழுதுங்கள். எண்ணிக்கை குறைந்தாலும் நம்பிக்கை வரும்.

பார்க்கிங்குக்கும் "விசாலமான" என்ற சொல் வேண்டாம். வண்டி திரும்பும் இடத்தையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 250 முதல் 300 சதுர அடி தேவை. 10,000 சதுர அடி இருந்தால் 35 கார் என்று எழுதலாம். மாப்பிள்ளை வீட்டார் வரும் பஸ் உள்ளே திரும்ப முடியுமா என்பதையும் சொல்லுங்கள். காலி மைதானத்தின் படத்தைவிட, முகூர்த்த நாளில் வண்டிகள் நிற்கும்போது மாடியிலிருந்து எடுத்த படம் நன்றாகப் புரியவைக்கும்.

சமையலில் ஒன்றை மறைக்கவே கூடாது. வெளி சமையல்காரரை அனுமதிப்பீர்களா, உங்கள் கான்ட்ராக்டர் மட்டும்தானா? இதை முதல் வரியிலேயே போடுங்கள். அப்புறம் பாத்திரம், கிரைண்டர், கேஸ் இவற்றில் எது வாடகைக்குள் அடங்கும், சைவம் மட்டுமா என்பதையும் எழுதுங்கள்.

புக்கிங் முறைக்குத் தனிப் பதிவு போடுங்கள். வாடகை எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, அட்வான்ஸ் எவ்வளவு, ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கரண்ட் மீட்டர் கணக்கு, ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, ஜிஎஸ்டி ஆகியவற்றையும் விடாதீர்கள். கடைசி நாளில் பில்லில் முளைக்கும் தொகையால்தான் சண்டை வருகிறது. காலியாக உள்ள முகூர்த்தத் தேதிகளை வாரம் ஒருமுறை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள். ஒரு தேதி புக் ஆனால் அன்றே அதை எடுத்துவிடுங்கள்.