நிறுத்தி வைத்த நான்கு ரசீதுகள்: எது படிக்க முடியவில்லை, எந்தப் படம் வேண்டும்?

கேள்வி: இந்த மாதம் நான் ஏற்றிய ரசீதுகளில் நான்கை மட்டும் ‘தெளிவில்லை’ என்று நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். பணம் போனது வங்கிக் கணக்கிலேயே இருக்கிறதே, அதைப் பார்த்து நிரப்பிக்கொள்ளக் கூடாதா? மறுபடியும் படம் எடுப்பதென்றால் எப்படி எடுக்க வேண்டும்?

பதில்: வங்கிக் கணக்கு எவ்வளவு போனது, யாருக்குப் போனது, எப்போது பதிவானது என்பவற்றை மட்டுமே சொல்லும். என்ன வாங்கினீர்கள், அதில் வரி எவ்வளவு, பில் எந்தத் தேதியில் போடப்பட்டது என்பவை ரசீதில்தான் இருக்கின்றன. நான் தேடுவதும் அவற்றைத்தான்.

நான்கில் receipt_07.jpg இனி உங்கள் வேலையில்லை. அதன் மொத்தத் தொகையில் ஓர் இலக்கம் மறைந்து 1,3_4 என்று நின்றது; ஆனால் வரிக்கு முந்தைய தொகை 1,240 என்பதும் வரி 124 என்பதும் பளிச்சென்று தெரிந்ததால், கூட்டினால் 1,364 தவிர வேறு எதுவும் வர வழியில்லை. அதைப் பதிந்துவிட்டேன்.

receipt_12.jpg பார்வைக்கு அதே மாதிரிதான், ஆனால் அந்த வழி அங்கே பலிக்கவில்லை. வரிக்கு முந்தைய தொகை 860 என்பது சரியாகவே தெரிகிறது. வரியிலும் மொத்தத்திலும் கடைசி இலக்கம் மங்கியிருக்கிறது. வெப்பத்தால் எழுத்து பதியும் தாளில் 8-இன் இடப்பக்கக் கோடுகள் வெளிறிப்போனால் மிஞ்சுவது 3 போலவே இருக்கும். ஆகவே வரி 43, மொத்தம் 903 என்றும் படிக்கலாம். வரி 48, மொத்தம் 908 என்றும் படிக்கலாம். இரண்டு கூட்டலும் பிழையில்லாமல் பொருந்துகின்றன, வரி விகிதமும் அச்சாகவில்லை, நீங்கள் ரொக்கமாகக் கொடுத்ததால் வங்கிப் பதிவும் இல்லை. ஐந்து ரூபாயோ ஐந்து டாலரோ, ஊகித்து எழுதிய எண்ணைத் தணிக்கையில் கேட்டால் நான் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து முதலில் வெளியே எடுங்கள். சில வகை உறைகளிலும் ஒட்டு நாடாவிலும் உள்ள வேதிப்பொருள்கள் இந்த அச்சை மங்கச் செய்யும். பிறகு கருநிறப் பரப்பில் தட்டையாக வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும்படி நிறுத்தி, முழுத்தாளுக்கு ஒரு படமும், வரியும் மொத்தமும் உள்ள பகுதி மட்டும் திரையை நிரப்பும்படி இன்னொரு படமும் எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் வழவழப்பான தாள் பளபளத்து, இருக்கிற கொஞ்ச எழுத்தும் வெள்ளையில் கரைந்துவிடும். எழுத்தை மீட்கலாம் என்று தாளைச் சூடுபடுத்த வேண்டாம், மொத்தமும் கறுத்துவிடும். மங்கிய எண்ணின் மேல் பேனாவால் எழுதவும் வேண்டாம். தொகை உங்களுக்கு நினைவிருந்தால் தனித்தாளில் எழுதி அனுப்புங்கள். அசல் அப்படியே இருக்கட்டும்.

receipt_19.jpg நீளமான ரசீது. மடிப்பு சரியாகத் தேதியின் மேல் விழுந்திருக்கிறது, பில் எண்ணின் பாதியும் அதற்குள் போய்விட்டது, அடிப்பகுதியில் உள்ள வரி விவரம் படத்துக்குள் வராமல் நிற்கிறது. கார்டில் கட்டிய பணம் கணக்கில் பதிவாக ஓரிரு நாள் பிந்தக்கூடும். இந்த ரசீது ஆண்டுக்கணக்கு முடியும் வாரத்தைச் சேர்ந்தது என்பதால், அந்த ஓரிரு நாளில் செலவு அடுத்த ஆண்டுக்கே தாண்டிவிடலாம். ஒரே படத்தில் அடக்கப் பார்த்தால் எழுத்து எறும்பளவுக்குச் சிறுத்துவிடும்; ஆகவே மடிப்பை நீவி, மேல், நடு, அடி என மூன்று படங்களாக எடுங்கள். ஒரு படத்தின் கடைசி நான்கைந்து வரிகள் அடுத்த படத்தின் தொடக்கத்திலும் வரவேண்டும். அப்போதுதான் மூன்றும் ஒரே ரசீது என்பதும், இடையில் எந்த வரியும் விடுபடவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

படங்களை அரட்டைச் செயலியில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்தோ, இப்போது செய்வதுபோல நேரடியாக ஏற்றியோ அனுப்புங்கள். அனுப்பும் முன் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். தேதியையும் வரியையும் உங்களாலேயே படிக்க முடியவில்லையென்றால் என்னாலும் முடியாது.

receipt_26.jpg மட்டும் வேறு கதை. படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது, ஆனால் அது பில் அல்ல, கார்டு இயந்திரம் தந்த சீட்டு. அதில் பொருள்களும் இல்லை, வரியும் இல்லை; எத்தனை முறை எடுத்தாலும் இல்லாதது வராது. கூடவே தந்த பில் கையில் இருந்தால் அதை ஏற்றுங்கள். தொலைந்திருந்தால், அந்தச் சீட்டிலுள்ள தேதி, நேரம், கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள், தொகை ஆகியவற்றைச் சொல்லி விற்றவரிடமே பில்லின் நகல் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் அவற்றை வைத்தே தேடி எடுத்துவிடுவார்கள். அது வரும்வரை இந்தத் தொகையை விவரம் வரவேண்டிய செலவாகத் தனியே வைத்திருக்கிறேன், வரிக்கழிவில் சேர்க்கவில்லை.